9 மணிக்கு கேட் மூடப்படும்

2024 ஜனவரி கடைசியில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிக்கை வந்தது, ஜூன் 9 ஞாயிறு தேர்வு என்று தேதியும் அதிலேயே இருந்தது. அப்போது நான் மதுரையில் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் டெஸ்ட் பேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் எடுக்கிற வேலை இல்லை. வினாத்தாள் அச்சுக்குப் போவது, ஓ.எம்.ஆர். தாள் எண்ணி வைப்பது, யார் எங்கே உட்கார வேண்டும் என்று பட்டியல் ஒட்டுவது, இதுதான் என் வேலை. பேட்சில் 118 பேர். மையத்தில் இருந்த ஹாலில் நெருக்கி உட்கார்ந்தாலும் 60 பேருக்கு மேல் இடம் இல்லை, அதனால் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான்கு வகுப்பறைகளை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

முதல் மாதிரித் தேர்வு ஏப்ரல் 7. அதற்கு நான் போட்ட அறிவிப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மையத்தின் லோகோ, நீலக் கட்டம், நேர அட்டவணை, கீழே பதினோரு விதிகள். 8.30க்கு வருகை, 9.00க்கு அறைக்குள், 9.15க்கு ஓ.எம்.ஆர்., 9.30க்குத் தேர்வு, 12.30க்கு முடிவு. ஒரு படமாகச் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று காலை 9.30 மணிக்கு அறைகளில் இருந்தவர்கள் 104 பேர். மீதி 14 பேரும் 9.30க்கும் 9.50க்கும் இடையில் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து, இடம் தேடி, தாள் கொடுத்து, அதற்குள் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, மொத்தத்தில் முதல் அரை மணி நேரம் அங்கே தேர்வு நடந்த மாதிரியே இல்லை. ஒருவரிடம் கேட்டேன், "ஏன் தம்பி இவ்வளவு லேட்?" அவர் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார், "சார், 9.30க்குத்தானே எக்ஸாம்? உசிலம்பட்டியில இருந்து வர்றேன், ஆரப்பாளையத்துல இறங்கும்போதே 9.20."

அவர் மேல் தப்பில்லை. ஓர் அறிவிப்பில் ஐந்து நேரம் இருந்தால், படிக்கிறவர் மனதில் 'தேர்வு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற நேரம்தான் நிற்கும். மற்ற நான்கும் நிர்வாகத்துக்கான நேரம், நமக்கில்லை என்று தோன்றிவிடும். அந்த 14 பேரில் பதினொரு பேர் இதே பதிலைத்தான் சொன்னார்கள். மூன்று பேர்தான் நிஜமாகவே தூங்கிவிட்டவர்கள்.

இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை. அந்த வருடத்து நிஜத் தேர்வில் 9 மணிக்கு மேல் மையத்துக்குள் விடமாட்டார்கள், 12.45க்கு முன் வெளியே விடமாட்டார்கள். 9.30 என்பது பேனாவை எடுக்கிற நேரம். மாதிரித் தேர்வில் 9.35க்கு வந்து பழகியவர் ஜூன் 9 அன்று வெளிவாசலோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் அடுத்த அறிவிப்பில் முதல் வரியில் ஒரே ஒரு நேரத்தைத்தான் வைத்தேன்: 9 மணிக்கு கேட் மூடப்படும். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி மடிந்துபோய் மேலே சில வரிகள்தானே தெரியும், அந்த வரிகளுக்குள் தேதி, கேட் மூடும் நேரம், இடம் மூன்றும் வந்துவிட வேண்டும். 'அன்பார்ந்த மாணவ மாணவியருக்கு வணக்கம்' என்று ஆரம்பித்தால் அதிலேயே பாதி இடம் போய்விடுகிறது.

படமாகப் போடுவதையும் அதோடு விட்டேன். காரணம் வேறு. தேதிகளை நான் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது, பழைய படம் எங்கெங்கோ ஃபார்வர்டு ஆகிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேதி மாற்றியதன் கதை இதுதான். ஏப்ரல் 7இல் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தேர்வு என்று ஒரேயடியாகப் போட்டுவிட்டேன், காலண்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் 14 ஞாயிறு தமிழ்ப் புத்தாண்டு. அதை 13 சனிக்கு மாற்றினேன். ஏப்ரல் 21 ஞாயிறு மீனாட்சி திருக்கல்யாணம். மதுரையில் அன்று காலை 9 மணிக்குத் தேர்வு என்று சொன்னால் வீட்டில் இருக்கிற ஆத்தாவே செருப்பைத் தூக்கும், அது போக ஊருக்குள் பஸ் எங்கே நிற்கும் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு வேறு, நாங்கள் பேசியிருந்த பள்ளியே வாக்குச்சாவடி. அதனால் அந்த வாரத்தை அப்படியே விட்டுவிட்டு 28க்குப் போனோம். அடுத்து மே 5. அன்று மதியம் நீட். பள்ளி அதற்கும் மையம், காலையில் நமக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கிற விஷயம் இல்லை அது. முந்தின நாள் மே 4 சனிக்கிழமைக்கு மாற்றி, பள்ளி கிடைக்காததால் ஒரு சின்ன மண்டபத்தில் உட்கார வைத்தோம்.

சனிக்கிழமைக்கு மாற்றினால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. ஜவுளிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் எங்கள் பேட்சில் 22 பேர். "அண்ணே, சனிக்கிழமை லீவு கேட்டா சம்பளத்துல பிடிப்பாங்க" என்று ஒரு தம்பி சொன்னார். சரி, அவர்களுக்கு மட்டும் ஞாயிறு காலை மையத்து ஹாலில் அதே தாள் என்று முடிவு செய்தோம். அங்கே ஒரு தப்பு செய்தேன். சனிக்கிழமை எழுதியவர்களிடம் வினாத்தொகுப்பைத் திரும்ப வாங்கவில்லை. சாயங்காலமே கேள்விகள் போன் போனாகப் போய்விட்டன. ஞாயிறு எழுதிய 22 பேரில் ஏழு பேருக்கு அவர்கள் வழக்கமாக எடுப்பதைவிட நாற்பது ஐம்பது கேள்விகள் கூடுதலாகச் சரியாக இருந்தன. யாரையும் திட்டவில்லை, அந்தத் தேர்வுக்குத் தரவரிசைப் பட்டியலே போடாமல் விட்டேன். இரண்டு நாளாக நடக்கும் தேர்வு என்றால் முதல் நாள் வினாத்தொகுப்பு அறையை விட்டு வெளியே போகக் கூடாது, இரண்டாம் நாள் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இதை அறிவிப்பிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "காசு கட்டியிருக்கோம், கேள்வித்தாள் ஏன் தரமாட்டேங்கிறீங்க" என்று வாசலில் சண்டை வரும்.

இனி உட்காரும் இட விஷயம். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்ததும் இதுதான்.

முதல் தேர்வில் சேர்க்கை எண் வரிசையில் உட்கார வைத்தேன். 1 முதல் 30 வரை முதல் அறை, 31 முதல் 60 வரை இரண்டாவது, இப்படி. யோசித்துப் பார்த்தால் இதைவிட மோசமான வழி இல்லை. சேர்க்கை எண் எப்படி விழுகிறது? இரண்டு தோழிகள் ஒன்றாக வந்து பணம் கட்டுகிறார்கள், ஒருவருக்கு 41, அடுத்தவருக்கு 42. ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தங்கை, கணவன் மனைவி எல்லோருக்கும் அடுத்தடுத்த எண்கள். எண் வரிசையில் உட்கார வைத்தால் கூட்டாளிகளைத் தேடிப்பிடித்து ஒரே பெஞ்சில் நாமே உட்கார வைக்கிற மாதிரி.

அதனால் சீட்டுக்கட்டுப் பிரிக்கிற மாதிரி மாற்றினேன். எண் 1 முதல் அறைக்கு, 2 இரண்டாவது அறைக்கு, 3 மூன்றாவதுக்கு, 4 நான்காவதுக்கு, 5 மறுபடி முதல் அறைக்கு. சேர்க்கை எண்ணை 4ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அறை எண், மீதி இல்லாவிட்டால் நான்காவது அறை. 118 பேருக்கு முதல் இரண்டு அறைகளில் 30 பேர், மற்ற இரண்டில் 29 பேர் வருகிறார்கள். அடுத்தடுத்த எண்காரர்கள் ஒரே அறையில்கூட இருக்க மாட்டார்கள். திறனறி பகுதியில் மீதி காண்கிற கணக்கு வேறு வருவதால், தங்கள் அறையைத் தாங்களே கண்டுபிடிப்பதில் சிலருக்கு ஒரு குஷி. சிலர் தப்பாக வகுத்துத் தப்பான அறைக்குப் போனதும் நடந்தது, அது அவர்களுக்கே நல்லது என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வோர் அறையிலும் மூன்று வரிசை பெஞ்ச், ஒரு வரிசைக்கு ஐந்து, பெஞ்சுக்கு இரண்டு முனையில் இரண்டு பேர். முன்னிருந்து பின்னாக ஐந்து அடுக்கு, அடுக்குக்கு ஆறு பேர். வினாத்தாள் இரண்டு செட். ஒரே கேள்விகள், வரிசை மட்டும் வேறு. முதல் அடுக்கில் இடமிருந்து 1, 2, 1, 2, 1, 2 என்று செட். இரண்டாவது அடுக்கில் 2, 1, 2, 1, 2, 1. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் பக்கத்தில் இருப்பவர், முன்னால் இருப்பவர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லோருக்கும் வேறு செட். பெஞ்சில் மட்டும் மாற்றி வைத்துவிட்டு அடுக்கில் மாற்றாமல் விட்டால், முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவருக்கு அதே செட்தான் கிடைக்கும். முதல் தேர்வில் நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

எடுத்துக்காட்டாக எண் 74. நான்கால் வகுத்தால் மீதி 2, ஆக இரண்டாவது அறை. அந்த அறையில் 2, 6, 10 என்று எண்ணிக்கொண்டே போனால் அவர் 19ஆவது ஆள். முதல் மூன்று அடுக்கில் 18 பேர் முடிந்துவிட்டதால் நான்காவது அடுக்கில் முதல் இடம். நான்காவது அடுக்கு செட் 2இல் தொடங்குகிறது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் செட் 2 தாள் இருக்கும்.

இருக்கும்தான், ஆனால் அவர் அந்த இடத்தில் உட்கார வேண்டுமே! ஏப்ரல் 13 தேர்வில் ஒரு அக்காவுக்கு 200க்கு 46 கேள்விதான் சரி என்று வந்தது. எப்போதும் 140ஐத் தொடுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கிக்கொண்டே போனாலே ஏறக்குறைய 50 வரும், அப்படியென்றால் 46 என்பது படிக்காதவரின் மதிப்பெண்கூட இல்லை, தப்பான விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியதன் மதிப்பெண். அவர் ஓ.எம்.ஆரில் செட் 1 என்று கறுப்பாக்கியிருந்தார். செட் 2 விடைக்குறிப்பை வைத்துத் திருத்திப் பார்த்தேன், 141 வந்தது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். செட் 1 தாளைக் கையில் வைத்துக்கொண்டு செட் 2 காரரைப் பார்த்து எழுதியிருக்கலாம், அல்லது கையில் இருந்ததே செட் 2 ஆக இருந்து குறிப்பதில் மட்டும் தவறியிருக்கலாம். ஓ.எம்.ஆரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்துச் சொல்வது வினாத்தொகுப்பு. அவர் தொகுப்பைக் கொண்டுவரச் சொன்னேன்; செட் 2 என்று அச்சாகியிருந்தது, கணக்குகளை ஓரத்தில் போட்டுப் பார்த்த தடமும், கேள்விகளுக்குப் பக்கத்தில் டிக் குறிகளும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டபோது சொன்னார், "ஃபேன் இல்லாத இடம் சார், தலைவலி வந்துரும்னு பக்கத்து வரிசைப் பொண்ணுகிட்ட சொல்லி மாறிக்கிட்டேன். சீட்டு ஸ்லிப்புல செட் 1னுதான போட்டிருந்தீங்க, அதையே குறிச்சிட்டேன்." ஸ்லிப்பில் செட் எண்ணை அச்சடித்தது என் தப்பு. அடுத்த தேர்விலிருந்து ஸ்லிப்பில் அறை, அடுக்கு, இடம் மட்டும்தான். செட் எண்ணைக் கையில் இருக்கிற தொகுப்பைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும், நிஜத் தேர்விலும் வினாத்தொகுப்பு எண்ணைத் தொகுப்பைப் பார்த்துத்தானே குறிக்கிறோம்.

ஃபேன் புகாரும் நியாயமானதுதான். அக்னி நட்சத்திரம் தொடங்கவே இல்லை, அதற்கு முன்னாலேயே அந்த அறைகள் கொதித்தன. அறைக்கு இரண்டு ஃபேன், நடு அடுக்குகளுக்குத்தான் காற்று, முதல் அடுக்கும் கடைசி அடுக்கும் வேர்வையில் ஓ.எம்.ஆர். தாளை நனைக்காமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தேர்வுக்கும் சீட்டுப் பிரிப்பதை அடுத்த அறையிலிருந்து தொடங்கினேன், உட்கார வைப்பதை அடுத்த அடுக்கிலிருந்து தொடங்கினேன். இதை அறிவிப்பில் ஒரு வரியில் எழுதிய பிறகு இடம் மாற்றித் தரச் சொல்லி வரும் போன்கள் பாதியாகக் குறைந்தன. இன்றைக்கு எனக்கு ஃபேன் இல்லையென்றால் அடுத்த வாரம் உண்டு என்று தெரிந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலை எப்போது வெளியிடுவது என்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அறை எண்ணைச் சனிக்கிழமை மாலையே குழுவில் போடுவேன். எந்த இடம் என்பதை ஞாயிறு காலை 8 மணிக்கு அறை வாசலில்தான் ஒட்டுவேன். இரண்டையும் முந்தின நாளே போட்டால் இரவெல்லாம் பேரம். இரண்டையும் காலையில் போட்டால், ஒரு தாளைச் சுற்றி 118 பேர் முண்டிக்கொண்டு நிற்பார்கள், அதிலேயே 9.10 ஆகிவிடும்.

தாமதமாக வருகிறவர்களை என்ன செய்வது? இரண்டாவது தேர்வில் 9 மணிக்கு கேட்டை மூடி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஐந்து பேர். அதில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் அப்புறம் பேட்சுக்கே வரவில்லை. அவனுக்கு பஸ் ஒன்று வராமல் போயிருந்தது, அவ்வளவுதான். கண்டிப்பைக் காட்டுவதற்குப் பணம் கட்டிய பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. மூன்றாவது தேர்விலிருந்து ஐந்தாவதாக ஓர் அறை, தாமத அறை. 9 மணிக்கு மேல் வருகிறவர் அங்கே உட்காரலாம், தாள் கிடைக்கும், கூடுதல் நேரம் கிடையாது, தரவரிசையில் பெயர் வராது. கடைசித் தேர்வில் அந்த அறையில் இரண்டே பேர்.

முடிகிற நேரத்துக்கும் ஒரு காரணம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 12.30க்கே பையைத் தூக்குவார்கள். அந்தத் தேர்வில் எத்தனை A, எத்தனை B, எத்தனை C, D, விடை தெரியவில்லை என்பதற்கான E எத்தனை என்று எண்ணி ஓ.எம்.ஆரில் நிரப்ப வேண்டும், அதற்குத்தான் 12.30க்கு மேல் 15 நிமிடம். ஐந்தையும் கூட்டினால் 200 வர வேண்டும். முதல் தேர்வில் 37 பேருக்கு வரவில்லை. எதையும் குறிக்காமல் விட்ட கேள்வி ஒன்றோ இரண்டோ இருந்ததுதான் பெரும்பாலும் காரணம். எண்ணிப் பார்க்காவிட்டால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஏப்ரல் 28 தேர்வுக்கு நான் போட்ட அறிவிப்பு இதுதான், அதற்குப் பிறகு தேதியையும் அறைகளையும் மட்டும்தான் மாற்றினேன்:

> ஏப்ரல் 28 ஞாயிறு. காலை 9.00க்கு கேட் மூடப்படும். இடம்: பள்ளி, பின்வாசல்.
> (திருத்தம் 3. ஏப்ரல் 21 தேர்வு கிடையாது. பழைய அட்டவணையை அழித்துவிடுங்கள்.)
>
> 8.15 முதல் உள்ளே வரலாம். 9.00க்கு மேல் வந்தால் தாமத அறை. கூடுதல் நேரம் இல்லை, தரவரிசை இல்லை.
>
> உங்கள் அறை: சேர்க்கை எண்ணை 4ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் அறை 2, மீதி 2 என்றால் அறை 3, மீதி 3 என்றால் அறை 4, மீதி இல்லை என்றால் அறை 1. இடம் எது என்பது காலை 8 மணிக்கு அறை வாசலில் இருக்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் அறையும் அடுக்கும் மாறும், அதனால் இடம் மாற்றிக் கேட்க வேண்டாம், உங்களுக்குள்ளும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.
>
> செட் எண்ணை வினாத்தொகுப்பைப் பார்த்துக் குறியுங்கள்.
>
> கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு, ஹால் டிக்கெட், தண்ணீர் மட்டும். போனை அணைத்துப் பைக்குள் வைத்து, பையை வாசலில் வைக்கவும்.
>
> 12.30க்கு எழுதுவதை நிறுத்தி, A முதல் E வரை எண்ணி நிரப்ப வேண்டும். 12.45க்குத்தான் வெளியே போகலாம்.
>
> கைக்குழந்தை உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் எனக்குச் சொல்லுங்கள், அறை 1இல் கதவோரம் இடம் வைக்கிறேன்.

கடைசி வரி ஏழு மாதக் குழந்தை வைத்திருந்த ஒரு தங்கைக்காகச் சேர்த்தது. முதல் தேர்வில் அவர் மாமியார் குழந்தையோடு வெளியில் மர நிழலில் உட்கார்ந்திருந்தார், குழந்தை அழுதபோது நடு பெஞ்சிலிருந்து எழுந்து வர அவர் கூச்சப்பட்டு 12.45 வரை அப்படியே இருந்திருக்கிறார். பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் பால் கொடுக்கப் போகும்போது ஓ.எம்.ஆரையும் தொகுப்பையும் கண்காணிப்பாளர் மேசையில் வைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்.

சரிசெய்ய முடியாமலே விட்டதும் ஒன்று உண்டு. இரண்டே செட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடுக்கினால், முன்னால் கோணலாக, இடப்பக்கமோ வலப்பக்கமோ இருப்பவருக்கு எப்போதும் அதே செட்தான் வரும், அதைத் தவிர்க்க வழியே இல்லை. நான்கு செட் இருந்தால் அதையும் அடைத்துவிடலாம். உரிமையாளரிடம் கேட்டேன், "அச்சுக் கூலி யாருப்பா கொடுக்குறது, நாலு விடைக்குறிப்பை வச்சு யாரு திருத்துறது" என்றார். திருத்துகிறவன் நான்தான் என்பதால் நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஜூன் 2 கடைசித் தேர்வு வரைக்கும் கண்காணிப்பாளர்களிடம், முன்னால் நின்று பார்க்க வேண்டாம், பின்பக்க மூலையில் நில்லுங்கள், அங்கிருந்துதான் யார் தலை கோணலாகச் சாய்கிறது என்று தெரியும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.